நோய்ப் பதிவேட்டில் இரண்டு வரிகள்

அந்தக் கடிதத்தை முதல் தடவை படித்தபோது வந்த கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். என் பெயருக்கு வந்திருந்தால் நிச்சயம் கிழித்திருப்பேன். அது என் பெயருக்கு வரவில்லை. மனைவியைப் பறிகொடுத்து நான்கு மாதம்கூட ஆகாத ஒருவர், மழையில் நனையாமல் அதைக் கம்பளிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்திருந்தார். இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார்.

நீலகிரியில் நெல்லியாளத்துக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட்டில் அப்போது நான் கம்பவுண்டர். எங்களுக்கென்று தனி டாக்டர் கிடையாது. நாலைந்து எஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே டாக்டர், வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார், நான் எழுதி வைத்ததற்கெல்லாம் கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், போய்விடுவார். அதனால் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் என்னையே டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒருநாளும் நான் திருத்தியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வந்தவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவர் மனைவி கொழுந்து பறித்தவர். இரண்டு பேரும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள். அந்த அம்மா தன் பெயரில் ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தார். சம்பளத்திலேயே பிரீமியம் பிடித்தார்கள். எடுத்து ஆறே மாதத்தில், ஜூலை மழையில், நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். கணவருக்கு அடுத்த வருடம் ஓய்வு. ஓய்வு என்றால் லயத்து அறையைக் காலி செய்யவேண்டும். அந்த அறையில் அவரோடு மனைவியின் தங்கையும் தங்கையின் இரண்டு பெண்களும் இருந்தார்கள். கீழே ஐந்து சென்ட் இடம் வாங்கிப் போட்டிருந்தார், அதில் நான்கு சுவர் எழுப்ப அந்த இன்சூரன்ஸை விட்டால் வேறு வழி இல்லை. அது வராவிட்டால் நான்கு பேரும் தெருவில்தான்.

கடிதம் கோயமுத்தூரிலிருந்த இன்சூரன்ஸ் கோட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. பாலிசிக்கு விண்ணப்பித்த படிவத்தில் இரண்டு கேள்விகள். கடந்த ஐந்து வருடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் எந்த நோய்க்காவது சிகிச்சை எடுத்தீர்களா? உடல்நலக் காரணத்தால் வேலைக்குப் போகாமல் இருந்தீர்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில். ஆனால் எஸ்டேட் மருந்தகத்து நோய்ப் பதிவேட்டின்படி, படிவத்தில் கையெழுத்திடுவதற்கு எட்டு மாதம் முன்பு இருபத்துநான்கு நாள் அந்த அம்மா நோயில் இருந்திருக்கிறார். இறந்ததும் அதே நோயில். ஆகவே உண்மையை மறைத்ததாகக் கருத இடம் இருக்கிறது, பாலிசியைச் செல்லாததாக்கலாமா என்று பரிசீலிக்கிறோம், இன்னும் முடிவு எடுக்கவில்லை, முடிவுக்கு முன்னால் உங்கள் விளக்கத்தையும் சான்றுகளையும் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள் என்று இருந்தது. செல்லாததாக்கினால் பாலிசித் தொகையும் கிடையாது, கட்டிய பிரீமியமும் திரும்ப வராது. நாங்கள் நம்பியிருக்கும் காகிதங்களின் நகல் இத்துடன் இருக்கிறது.

எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்று நினைக்கிறார்கள், திருட்டுப் பயல்கள் என்று சத்தமாகவே சொன்னேன். மாதாமாதம் பிடிக்கும்போது இந்தக் கேள்வியெல்லாம் எங்கே போயிருந்தது, செத்தபிறகுதான் ஞானம் வருமா என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்காக ஒருவன் கோபப்படுகிறான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் நகலைப் புரட்டினேன். அது என் கையெழுத்து.

மே மாதப் பக்கம். வேலையாள் பட்டியலான செக்ரோலில் அந்த அம்மாவின் நம்பர். ‘நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு, முழு ஓய்வு.’ இருபத்துநான்கு நாள். கீழே டாக்டரின் கையெழுத்து. அதற்கடுத்த தாளில் ஜூலை மாதப் பக்கம் இருந்தது. அதை நான் படிக்காமல் மடித்து அடியில் வைத்துவிட்டேன்.

அந்த மே மாத வரி பொய். சுத்தப் பொய். அந்த இருபத்துநான்கு நாளும் அந்த அம்மா மலையிலேயே இல்லை. சிலோனிலிருந்து அவர் தங்கை புருஷனை இழந்து இரண்டு பெண்களோடு, திரும்பி வருகிறவர்களை வைத்திருக்கும் மண்டபம் முகாமில் வந்து இறங்கியிருந்தாள். சொந்தக்காரர் யாராவது நேரில் வந்து பொறுப்பேற்று எழுதிக் கொடுக்காவிட்டால் எந்த மாவட்டத்துக்கு அனுப்புவார்களோ தெரியாது. அக்கா லீவு கேட்டார். சம்பளத்தோடு கிடைக்கிற லீவு தீர்ந்துவிட்டது. சம்பளமில்லாமலாவது கொடுங்கள் என்று கேட்டார். கொழுந்து வெடித்து வருகிற மாதத்தில் லீவாவது, கீவாவது என்று மேனேஜர் துரை விரட்டிவிட்டார். சொல்லாமல் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் செக்ரோலில் பெயர் இருக்காது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். அது எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத வழக்கம். சாவுக்குப் போக வேண்டுமா, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, பெண் பார்க்க வருகிறார்களா, கம்பவுண்டரிடம் சொன்னால் ஒரு நோய் எழுதிக் கொடுப்பார். இரண்டு நாளென்றால் காய்ச்சல். ஒரு வாரமென்றால் பேதி. அதற்கு மேலே போனால் கனமாக ஏதாவது வேண்டும், அதற்கு நான் வைத்திருந்தது இந்த நெஞ்சுச்சளிதான். மலைக்குளிருக்கு யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பைசா வாங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. லீவு தரத் துப்பில்லாத எஸ்டேட்டில் நான் ஒருவன் லீவு தருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்சூரன்ஸ் படிவத்தின் கதையோ அதைவிட அழகு. சம்பள நாளில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஏஜென்ட் வந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் ஹெட் கிளார்க்கின் மைத்துனர். வரிசையில் வந்தவர்களிடம் பெயர், வயது, வாரிசு, இவ்வளவுதான் கேட்டார். உடம்பைப் பற்றிய கேள்விகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை. மேலிருந்து கீழே வரைக்கும் ‘இல்லை, இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனார். கைநாட்டு வைத்த இடத்துக்குக் கீழே, கேள்விகளைத் தமிழில் படித்துக்காட்டினேன், விண்ணப்பதாரர் புரிந்துகொண்டு பதில் சொன்னார் என்று அச்சடித்திருக்கும். அதில் ஹெட் கிளார்க் கையெழுத்துப் போட்டார். அத்தனை சோம்பேறித்தனத்திலும் அந்த அம்மாவின் படிவத்தில் விழுந்த பதில் உண்மையாகிவிட்டது. நான் பார்த்துப் பார்த்து எழுதிய பதிவேடுதான் பொய்.

இதைக் கடிதம் கொண்டுவந்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்ப அதையே எழுதிப் போட்டா சரியாப் போகுமாங்கய்யா?” என்று கேட்டார். அவருக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. பார்க்கலாம் என்றேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், வேறொன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் ஹெட் கிளார்க் மருந்தகத்துக்கே வந்தார். அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. அந்த அம்மாவின் லீவுக் கணக்கை இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதி அனுப்பியதே அவர்தான், வேலை கொடுத்தவர் தரவேண்டிய சான்றிதழ் என்று கேட்டிருந்தார்கள். பதிவேட்டை ஒரு விசாரணைக்காரர் வந்து நகல் எடுத்தபோது நான் லீவில் இருந்தேன். ஹெட் கிளார்க் பெஞ்சில் உட்கார்ந்து, பாசமாக, “பாலிசி போனா ஒரு ஊட்டுக்கு நட்டமுங்க. ரிஜிஸ்தர் பொய்யின்னு நீங்க வாயத் தொறந்தா உங்க வேலை போச்சு, இன்னி வரைக்கும் நீங்க யாராருக்கு எழுதுனீங்களோ அவுங்க வேலையும் போச்சு. தவள தன் வாயாலதான் கெடும்ங்க” என்றார். அவர் கவலை அவருக்கு. படித்துக்காட்டினேன் என்று போட்ட கையெழுத்தைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. அந்த ஆள் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அவர் சொன்னதைத்தான் நானும் இரண்டு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அவ்வளவு வெறுப்பு.

டாக்டர் ஜீப்பில் வந்தபோது அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். நீ எழுதியதை நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன், இதில் என்னை இழுக்காதே என்று சொல்லிவிட்டு அன்று டீகூடக் குடிக்காமல் போனார்.

மறுநாள் லயத்துக்குப் போனேன். தங்கையிடம், மண்டபத்தில் ஏதாவது சீட்டுக் கொடுத்தார்களா என்று விசாரித்தேன். அவள் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலை மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முகாமிலிருந்து விடுவித்த சீட்டு. பொறுப்பேற்கும் உறவினர் என்ற இடத்தில் அக்காவின் பெயர், கைநாட்டு, தேதி, முகாம் அதிகாரியின் முத்திரை. என் பதிவேட்டில் மூச்சிரைப்போடு படுத்திருந்த நாட்களில் நடுவே ஒரு நாள் அது. “அக்கா பதினெட்டு நாள் அந்த வாசல்ல குந்தியிருந்திச்சுங்க எங்களக் கூட்டிட்டு வர” என்றாள். கோபம், வெட்கம், எது எதற்கென்று பிரிக்கமுடியாமல் வந்தது. மூன்று பேருமாக ஊட்டிக்குப் போய்க் கேட்டுவிடுவோம் என்றேன்.

ஊட்டியில் இருந்த இன்சூரன்ஸ் கிளைக்கு முதல் பஸ்ஸில் போனோம். நடுவட்டம் தாண்டும் வரைக்கும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். எங்களைப் பார்த்தது ஒரு அம்மா, கிளெய்ம் பிரிவு அதிகாரி. நான் நினைத்துக்கொண்டு போன மாதிரி ஆள் இல்லை. கடிதத்தைப் பார்த்ததும் தன் அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார். அவர்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் ஆரம்பத்திலேயே எகிறினேன். ஏழை ஜனங்கள் வயிற்றில் அடிப்பதற்கு இப்படி ஒரு கடுதாசியா என்றேன்.

“ஏனுங்க, இது முடிவு சொல்ற கடுதாசி இல்லைங்க” என்றார். “முடிவு எடுக்கறதுக்கு முன்னால உங்க பக்கத்தக் கேக்கற கடுதாசி. எந்தக் கேள்வி, எந்தப் பதில், எங்களுக்கு எதனால சந்தேகம், எல்லாம் சொல்லி நகலும் வெச்சிருக்கோம். இதக் கேக்காம நாங்க முடிச்சிருந்தா, நீங்க திட்டறது நாயமுங்க.”

இரண்டு வருடம் ஆகாத பாலிசியில் மரணம் என்றால் தோண்டிப் பார்ப்பது வழக்கம் என்றும், இரண்டு வருடம் கடந்துவிட்டால் வேண்டுமென்றே தெரிந்து ஏமாற்றினார் என்று அலுவலகம்தான் நிரூபிக்கவேண்டும் என்றும், இது அதற்கு முன்னால் நடந்ததால் தவறான பதில் ஒன்றே அவர்களுக்குப் போதும் என்றும் விளக்கினார். படிவத்தை ஏஜென்ட் படித்துக்காட்டவே இல்லை என்றேன். அதையும் எழுதுங்கள், ஆனால் படித்துக்காட்டியதாகக் கையெழுத்து இருக்கிறதே, அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள் என்றார். அப்புறம் நகலைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

“படிவத்துல இருக்கறது பொய்யா, உங்க ரிஜிஸ்தர் பொய்யா? ரெண்டுல ஒண்ணுதானுங்களே?”

ரிஜிஸ்தர்தான் பொய் என்றேன். ஒருவழியாக வாயிலிருந்து வந்துவிட்டது. மண்டபம் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவர் முத்திரையையும் தேதியையும் நன்றாகப் பார்த்தார். நல்ல சான்று என்றார். அதோடு முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். அவர் ஜூலை மாதத் தாளை எடுத்து மே மாதத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டிலும் ஒரே வரி. நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு, முழு ஓய்வு. எழுத்துக்கு எழுத்து அதே வரி.

“மொதல்ல எழுதுனது நீங்களா இட்டுக்கட்டுனதுன்னு சொல்றீங்க. அதே நோவு பதினாலு மாசங் கழிச்சு அதே வார்த்தையில வந்து, அஞ்சு நாள்ல அந்தம்மா எறந்தும் போயிட்டாங்க. கோயமுத்தூர்ல இருக்கறவங்க இத எப்படிங்க நம்புவாங்க? பழைய நோவு திரும்பிச்சுன்னுதானுங்களே படிப்பாங்க?”

அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்பது பொய், தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, விடாத மழையில், அந்த அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். மூச்சு முட்டுகிறது என்றார். அந்த வாரம் தங்கையின் மூத்த பெண்ணுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள், எனக்கும் வெற்றிலை வைத்து அழைத்திருந்தார்கள். நான் சிரித்தேன். எத்தனை நாள் போடட்டும், சடங்குக்கு மூன்று நாள் போதுமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “சடங்கு வெள்ளிக்கிழமங்கய்யா. இது நெசமாவே முட்டுதுங்க” என்றார். நான் பதிவேட்டைப் பின்னால் புரட்டி, போன வருடம் அவருக்கே எழுதிய வரியைக் கண்டுபிடித்து, அப்படியே பார்த்து எழுதினேன். ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்தேன். ஸ்டெதாஸ்கோப் என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. வியாழக்கிழமை கொழுந்து லாரியில் ஏற்றிக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை இறந்துபோனார்.

இதையெல்லாம் அந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் கேட்டார். சொல்லி முடித்தபிறகு, இதையும் விளக்கத்தில் எழுதவேண்டும் என்றார். இரண்டாவது வரி ஏன் முதல் வரி மாதிரியே இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால், மண்டபம் சீட்டு இருந்தும்கூடச் சந்தேகம் அப்படியே நிற்கும். அப்புறம் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னையும் எச்சரித்தார்.

“நீங்க எழுதிக் குடுக்கறத எஸ்டேட்டுக்கு அனுப்பிச் சரிபார்ப்பாங்க. அத என்னால நிறுத்த முடியாதுங்க. தெரிஞ்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் மேல் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் கோபமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மாவின் கணவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். காரியம் ஆகிவிடும் என்று நான் சொல்லியிருந்தேன், அந்த நிம்மதியில் தூங்கினார்.

இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று என் வாக்குமூலம். இன்னொன்று வாரிசு என்ற முறையில் அவர் அனுப்பவேண்டிய விளக்கம். அதையும் நான்தான் எழுதினேன், தமிழில். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். கைநாட்டு வைத்தால் கீழே ஒருவர், முழுவதும் படித்துக்காட்டினேன், புரிந்துகொண்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஒருவனும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்துக்குப் போனேன். வாசலில் பலகை போட்டார்கள். முதல் பக்கத்தைப் படித்தேன். மண்டபம், பதினெட்டு நாள், முகாம் சீட்டு, ஏஜென்ட் கேள்வி கேட்காதது எல்லாம் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இரண்டாவது பக்கத்தில் நான்காவது வரியிலிருந்து ஜூலை. அங்கே வந்ததும் நின்றேன். தாண்டிவிடலாம். தாண்டினால் அவருக்குத் தெரியப் போவதில்லை, கைநாட்டு விழும், இன்சூரன்ஸ் வரும், வீடு வரும். பெரட்டுக்களத்தில் அந்த ஏஜென்ட் தாண்டியது இப்படித்தான். அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் மீதியைப் படித்தேன், நல்ல மனசினால் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஒரு வரி விடாமல் படித்தேன். சிரித்ததை, சடங்கைப் பற்றிக் கேட்டதை, பழைய வரியைப் பார்த்து எழுதியதை, இருமல் மருந்தை. படித்து முடித்தபோது உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. தங்கை கதவருகில் வந்து நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அன்னைக்கு நெஞ்சுல கொழா வச்சுப் பாத்தீங்களா?”

“இல்லைங்க” என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். பெருவிரலை வைத்து அழுத்தினார். தேவைக்கு அதிகமாகவே அழுத்தினார். விரலைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் மட்டும் கீழே கையெழுத்துப் போட்டேன். தங்கை பலகையை எடுக்க வந்தாள், நான் எழுந்திருக்கட்டும் என்று தள்ளியே நின்றாள்.

பதிவுத் தபாலில் போனது. எஸ்டேட்டுக்கு என் வாக்குமூலத்தின் நகல் வந்தது. துரை கூப்பிட்டுக் காட்டு கத்துக் கத்தினார். இன்னும் எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கிறாய், பட்டியல் கொடு என்றார். ஒருவருக்கும் இல்லை என்றேன். நீங்கள் லீவு கொடுத்திருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, சாண் என்ன, முழம் என்ன. ஹெட் கிளார்க் அவருக்குப் பின்னால் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யான இருபத்துநான்கு நாளுக்குக் கொடுத்த நோய்க்காலப் படியை அந்த அம்மாவுக்கு வரவேண்டிய பாக்கியிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். செத்தவளிடமும் பிடித்தார்கள்.

பிப்ரவரியில் இன்சூரன்ஸ் முடிவு வந்தது. விளக்கத்தையும் சான்றுகளையும் பரிசீலித்ததில் உண்மை மறைக்கப்பட்டதாகக் கொள்ள ஆதாரம் இல்லை, பாலிசி செல்லும் என்று. அவர் வீட்டைக் கட்டினார். சுவர் எழும்பும்போது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். புதுமனைக்கு லயத்தில் எல்லோருக்கும் சொன்னார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்த மனிதர்மேலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. துரை கையெழுத்து. இன்ன தேதியில் நோய்ப் பதிவேட்டில் பொய்யான பதிவு செய்ததற்காக உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, ஏழு நாளுக்குள் விளக்கம் கொடுக்கவும். பொய்யான பதிவின் நகலும் இணைத்திருந்தார்கள். மே மாதப் பக்கம் மட்டும். பொய் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன், வேலை போனது, ஊட்டி காந்தலில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஜூலை மாதப் பக்கத்தை அவர்கள் வைக்கவில்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லையே. நெஞ்சுச்சளி, மூச்சிரைப்பு, முழு ஓய்வு. ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அந்த வரிக்கு விளக்கம் கேட்டு இதுவரைக்கும் யாரும் எனக்குக் கடிதம் போடவில்லை.